இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்: வீச்சாக மட்டும் தெரிந்த இரண்டு அளவுகளைக் கூட்ட, கழிக்க, பெருக்க, வகுக்க ஒரு முழு வழிகாட்டி

லேத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். வெட்ட வேண்டிய நீளம் 190 முதல் 200 மி.மீ.க்குள் இருக்கும். டூல் நகரும் வேகம் நிமிடத்துக்கு 76 முதல் 80 மி.மீ.க்குள். ஒரு பீசுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

சின்னதைச் சின்னதால் வகுத்தான்: 190 / 76 = 2.5. பெரியதைப் பெரியதால் வகுத்தான்: 200 / 80 = 2.5. "கரெக்டா ரெண்டரை நிமிஷம்ண்ணா" என்றான்.

நீளமும் உறுதியில்லை, வேகமும் உறுதியில்லை. விடை மட்டும் துளி பிசகாமல் வந்து நிற்கிறது. அவனுக்கே ஏதோ இடித்தது, ஆனால் எங்கே தப்பு என்று தெரியவில்லை. உண்மையில் அந்த வேலை 2.375 நிமிடத்திலும் முடியலாம், 2.63 நிமிடத்துக்கு மேலும் போகலாம்.

வருஷத்துக்கு ஐந்தாறு பேராவது என்னிடம் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் லேத் வேலையிலிருந்து வருகின்றன. நான்கு கணக்குகளும் அங்கே தினமும் தேவைப்படுகின்றன என்பதுதான் காரணம்.

1. கணக்குக்கு முன்னால்: வீச்சை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். அதற்குக் கீழே போகவே போகாது என்ற கீழெல்லை, அதற்கு மேலே போகவே போகாது என்ற மேலெல்லை. இரண்டையும் தாளில் எழுதாமல் கணக்கைத் தொடங்க வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு செய்பவர்கள் பாதி வழியில் நடு எண்ணுக்குத் தாவிவிடுகிறார்கள்.

டிராயிங்கில் 12 ± 0.05 என்று இருந்தால் 11.95 முதல் 12.05 என்று விரித்து எழுதுங்கள். ± வடிவம் கூட்டல் கழித்தலுக்குச் சரிப்படும். பெருக்கல் வகுத்தலில் விடையின் நடு எண் பெரும்பாலும் நகர்ந்துவிடும் என்பதால் ± அங்கே குழப்பத்தைத்தான் கொண்டுவரும்.

யாராவது ஸ்கேல் வைத்துப் பார்த்து, கிட்டத்தில் உள்ள மி.மீ.க்கு மாற்றி "25" என்று சொன்னால், அது 24.5 முதல் 25.5 வரை எதுவாகவும் இருக்கலாம். 25 என்ற ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டால் அரை மி.மீ. சந்தேகத்தை அந்த இடத்திலேயே தொலைத்துவிட்டீர்கள். பின்னால் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் அது திரும்பி வராது.

அலகையும் இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள். ஒன்று மி.மீ., இன்னொன்று மைக்ரான் என்று விட்டுவைத்தால் கழித்தலில் கண்டிப்பாக மாட்டுவீர்கள்.

2. ஒவ்வொரு கணக்கிலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"சின்னதோடு சின்னது, பெரியதோடு பெரியது" என்ற பழக்கம் எங்கிருந்து வருகிறது? கூட்டலிலிருந்து. கூட்டலில் அது சரி. அதையே மற்ற மூன்றுக்கும் இழுத்துக்கொண்டு போவதுதான் சிக்கல்.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அளவு ஏறினால் விடை ஏறுமா, இறங்குமா?

விடையின் மேலெல்லை வேண்டுமென்றால், ஏற்றிவிடும் அளவுக்கு மேல் முனையை எடுங்கள், இறக்கிவிடும் அளவுக்குக் கீழ் முனையை எடுங்கள். கீழெல்லை வேண்டுமென்றால் அப்படியே தலைகீழ். அந்தப் பையனின் கணக்கில் நீளம் கூடினால் நேரம் கூடும், வேகம் கூடினால் நேரம் குறையும். ஆக, அதிக நேரம் பிடிப்பது நீளமான பீஸ் மெதுவான வேகத்தில் ஓடும்போது. இதைச் சொன்னதும் அவனே "அப்போ 200ஐ 76ஆல வகுக்கணுமா" என்று கேட்டான். சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

3. கூட்டல்

ஷாஃப்டில் இரண்டு ஸ்பேசர்கள் அடுத்தடுத்து ஏறுகின்றன. ஒன்று 11.95 முதல் 12.05. இன்னொன்று 7.97 முதல் 8.03. எது ஏறினாலும் மொத்தம் ஏறும். எனவே கீழெல்லை 11.95 + 7.97 = 19.92, மேலெல்லை 12.05 + 8.03 = 20.08.

இங்கே தப்பு செய்பவர்கள் குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதல் ஸ்பேசரின் வீச்சு அகலம் 0.10, இரண்டாவதன் அகலம் 0.06, விடையின் அகலம் 0.16. அகலங்களும் கூடிவிட்டன. இதை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

4. கழித்தல்: அதிகம் பேர் விழும் இடம்

25 மி.மீ. புஷ்ஷுக்குள் ஒரு ஷாஃப்ட் சுழல வேண்டும். டிராயிங்கில் H7/g6 என்ற பொருத்தக் குறியீடு போட்டிருக்கிறது, முதல் பாதி துளைக்கு, இரண்டாம் பாதி ஷாஃப்டுக்கு. அட்டவணையைப் பார்த்தால் துளை 25.000 முதல் 25.021 வரை, ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு?

பழக்கதோஷத்தில் போடும் கணக்கு இது: 25.000 − 24.980 = 0.020, 25.021 − 24.993 = 0.028. ஆக 0.020 முதல் 0.028 என்று எழுதுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது பெட்டியிலிருந்து இருப்பதிலேயே சின்ன துளையுள்ள புஷ்ஷை எடுங்கள், 25.000. இருப்பதிலேயே தடித்த ஷாஃப்டை எடுங்கள், 24.993. இரண்டும் பாஸான பீஸ்கள்தான். சேர்த்தால் இடைவெளி 0.007, அதாவது 7 மைக்ரான். "20க்குக் குறையாது" என்று சொன்ன கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். துளை பெருத்தால் இடைவெளி கூடும், ஷாஃப்ட் பெருத்தால் இடைவெளி குறையும். எனவே கீழெல்லை 25.000 − 24.993 = 0.007. மேலெல்லை 25.021 − 24.980 = 0.041.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கழித்தாலும் அகலங்கள் கூடத்தான் செய்யும். துளையின் அகலம் 21 மைக்ரான், ஷாஃப்டின் அகலம் 13. கூட்டினால் 34. விடையின் அகலம் 41 − 7 = 34. பொருந்துகிறது. தப்பான கணக்கின் அகலம் 28 − 20 = 8, அதாவது துளையின் அகலத்திலிருந்து ஷாஃப்டின் அகலத்தைக் கழித்த எண். இரண்டு சந்தேகங்கள் சேர்ந்தால் சந்தேகம் குறையாது. உங்கள் விடையின் அகலம் உள்ளே போட்ட அளவுகளில் ஏதாவது ஒன்றின் அகலத்தைவிடச் சிறியதாக வந்தால், கழித்தலில் தப்பு செய்திருக்கிறீர்கள்.

மனதில் பதிய வேறொரு விதமாகவும் சொல்வேன். கழிப்பது என்றால் மைனஸ் போட்டுக் கூட்டுவது. ஷாஃப்டுக்கு மைனஸ் போட்டால் அதன் வீச்சு −24.993 முதல் −24.980 ஆகிறது. முனைகள் இடம் மாறிவிட்டன, பாருங்கள். இனி கூட்டல் பழக்கம் அப்படியே செல்லும்.

விடையில் மைனஸ் வந்தால் பயந்து மாற்றி எழுதிவிடாதீர்கள். அதே துளைக்கு k6 ஷாஃப்ட் போட்டால் ஷாஃப்டின் வீச்சு 25.002 முதல் 25.015. இடைவெளியின் கீழெல்லை 25.000 − 25.015 = −0.015, மேலெல்லை 25.021 − 25.002 = 0.019. மைனஸ் என்றால் ஷாஃப்ட் துளையைவிடத் தடிமன், தட்டித்தான் ஏற்ற வேண்டும். பிளஸ் என்றால் கையாலேயே ஏறும். ஒரே டிராயிங்கில் வந்த பீஸ்களில் சில டைட்டாகவும் சில லூஸாகவும் இருக்கும் என்பதைத்தான் இந்த வீச்சு சொல்கிறது. சிலர் மைனஸை நீக்கிவிட்டு "0.015 முதல் 0.019" என்று எழுதுவார்கள். அது முற்றிலும் வேறு சேதி.

5. பெருக்கல்: குறியைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்

இரண்டு அளவுகளும் பிளஸ் எண்களாக இருந்தால் எது ஏறினாலும் பெருக்கற்பலன் ஏறும். கீழெல்லைகளைப் பெருக்கினால் கீழெல்லை, மேலெல்லைகளைப் பெருக்கினால் மேலெல்லை. வேகத்துக்கான 76 முதல் 80 என்ற வீச்சே அப்படி வந்ததுதான். ஃபீடு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ., சுற்று நிமிடத்துக்கு 380 முதல் 400.

மைனஸ் உள்ளே வந்தால் கதை மாறும். அளவு பார்ப்பதற்கென்று தரநிலையாக வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. பட்டறையில் காலை 18 டிகிரியும் மதியம் 35 டிகிரியும் இருந்தால், வித்தியாசம் −2 முதல் 15 வரை. அளவுகோலாக வைத்திருக்கும் எஃகு கேஜ் பிளாக்குகளுக்கு விரிவுக் கெழு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 10.5 முதல் 12.5 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் நீளம் எவ்வளவு மாறும்?

"சின்னதைச் சின்னதால்" என்றால் 10.5 × (−2) = −21. ஆனால் 12.5 × (−2) = −25 ஆயிற்றே. அது −21ஐ விடக் கீழே இருக்கிறது. குளிரில் சுருங்கும்போது, அதிகம் விரியும் எஃகுதான் அதிகம் சுருங்கும். கெழு ஏறினால் விடை ஏறுமா இறங்குமா என்ற கேள்விக்கு இங்கே ஒரே பதில் கிடையாது. வெப்பநிலை வித்தியாசம் பிளஸாக இருக்கும்போது ஏறும், மைனஸாக இருக்கும்போது இறங்கும்.

இப்படிப் பதில் மாறும் இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நான்கு முனைகளையும் பெருக்கிவிடுங்கள்.

10.5 × (−2) = −21
12.5 × (−2) = −25
10.5 × 15 = 157.5
12.5 × 15 = 187.5

நான்கில் சின்னது −25, பெரியது 187.5. அவைதான் எல்லைகள். நடுவில் எங்காவது இதைத் தாண்டி ஒரு எண் ஒளிந்திருக்காதா என்று ஒரு கெட்டிக்காரப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு அளவை ஒரு இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் நகர்த்தினால், பெருக்கற்பலன் நேர்கோட்டில் ஏறும் அல்லது இறங்கும். நேர்கோட்டின் உச்சமும் அடியும் முனைகளில்தான் இருக்கும், நடுவில் இருக்காது. இரண்டு அளவுகளுக்கும் இது பொருந்துவதால் நான்கு மூலைகளைப் பார்த்தால் போதும்.

இரண்டு வீச்சுகளிலும் பூஜ்யம் உள்ளே இருந்தால் பழைய பழக்கம் இன்னும் மோசமாகக் கவிழும். −2 முதல் 3 வரை ஒன்று, −4 முதல் 5 வரை இன்னொன்று. சின்னதைச் சின்னதால் பெருக்கினால் 8 வருகிறது, அதைக் கீழெல்லை என்று எழுதுகிறார்கள். நான்கு மூலைகள் 8, −10, −12, 15. சரியான விடை −12 முதல் 15.

6. வகுத்தல்: முதலில் கீழே இருப்பதைப் பாருங்கள்

வகுக்கும் எண்ணின் வீச்சில் பூஜ்யம் இருக்கிறதா? வேறெதற்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். இருந்தால் மேலே போகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பூஜ்யம் இல்லை, இரண்டும் பிளஸ் என்றால் வேலை சுலபம். நேரத்தின் கீழெல்லை 190 / 80 = 2.375. மேலெல்லை 200 / 76 = 2.6315… கழித்தலைப் போலவே இங்கேயும் முனைகள் குறுக்காகச் சேர்கின்றன. காரணமும் ஒன்றே. வகுப்பது என்றால் தலைகீழ் எண்ணால் பெருக்குவது. 76 முதல் 80 என்பதைத் தலைகீழாக்கினால் 1/80 முதல் 1/76 ஆகிவிடும்.

மேலே உள்ள எண்ணில் மைனஸ் இருந்தால் "சின்னதைப் பெரியதால்" என்ற விதியும் கைவிடும். −6 முதல் 4 வரை உள்ளதை 2 முதல் 3 வரை உள்ளதால் வகுங்கள். −6 / 3 = −2 என்று எழுதத் தோன்றும். ஆனால் −6 / 2 = −3 இன்னும் கீழே. மேலெல்லை 4 / 2 = 2, அங்கேயும் வகுக்கும் எண் அதே 2தான். சந்தேகமாக இருந்தால் நான்கு மூலைகளையும் போட்டுவிடுங்கள். வகுக்கும் எண்ணில் பூஜ்யம் இல்லாதவரை அது ஏமாற்றாது.

பூஜ்யம் இருந்தால் மட்டும் நான்கு மூலை வழியும் ஏமாற்றும், அதுவும் சத்தமில்லாமல். ஒரு மீட்டர் எஃகுக் கம்பியைச் சூடாக்கி அதன் விரிவுக் கெழுவைக் கண்டுபிடிக்கப் போகிறோம். தெர்மாமீட்டர் 1 டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம். டயல் கேஜ் 5 மைக்ரான் கூடவோ குறையவோ காட்டலாம்.

முதல் முயற்சியில் 25 டிகிரியிலிருந்து 26 வரை மட்டும் சூடாக்கினோம். டயல் 12 மைக்ரான் காட்டியது, அதாவது 7 முதல் 17. வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு? 25 முதல் 27 வரை உள்ளதிலிருந்து 24 முதல் 26 வரை உள்ளதைக் கழிக்க வேண்டும். நான்காம் படியின்படி −1 முதல் 3. பூஜ்யம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

நான்கு மூலைகளை வகுத்தால் 7 / (−1) = −7, 17 / (−1) = −17, 7 / 3 = 2.33…, 17 / 3 = 5.66… வருகின்றன. "−17 முதல் 5.67 வரை" என்று ஒரு விடை தயார். ஆனால் உண்மையான வித்தியாசம் 1 டிகிரி, விரிவு 12 என்றால் கெழு 12 ஆகிறது. அது இந்த வீச்சுக்குள்ளேயே இல்லை. வித்தியாசம் 0.1 டிகிரி என்றால் கெழு 120. பூஜ்யத்தை நெருங்க நெருங்க எண் எவ்வளவு வேண்டுமானாலும் எகிறும். இந்த அளவீட்டுக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. தாளில் அப்படியேதான் எழுத வேண்டும்.

சரி, என்ன செய்வது? கணக்கைத் திருத்த முடியாது, அளவீட்டைத்தான் திருத்த வேண்டும். அதே கருவிகளோடு கம்பியை 40 டிகிரி வரை சூடாக்குங்கள். வித்தியாசம் 39 முதல் 41 கழித்தல் 24 முதல் 26, ஆக 13 முதல் 17. டயல் 172 காட்டினால் விரிவு 167 முதல் 177. கெழுவின் கீழெல்லை 167 / 17 = 9.82…, மேலெல்லை 177 / 13 = 13.61… கருவி அதேதான், பிழையும் அதேதான். வகுக்கும் எண் பூஜ்யத்திலிருந்து தள்ளிப் போனதால் உருப்படியான விடை கிடைத்துவிட்டது.

7. ஒரே அளவு இரண்டு முறை வந்தால்

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று சாராமல், தத்தம் வீச்சுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். அது உண்மையில்லாத இடத்தில் விதிகளை இயந்திரம் போலப் போட்டால் வீச்சு தேவையில்லாமல் ஊதிவிடும்.

கூலன்ட் கலப்பதைப் பாருங்கள். எண்ணெய் 1 முதல் 2 லிட்டர், தண்ணீர் 18 முதல் 19 லிட்டர். கலவையில் எண்ணெய் எத்தனை சதவீதம்? முதலில் மொத்தத்தைக் கூட்டுவார்கள்: 19 முதல் 21 லிட்டர். பிறகு எண்ணெயை மொத்தத்தால் வகுப்பார்கள்: 1 / 21 முதல் 2 / 19, அதாவது சுமார் 4.8 முதல் 10.5 சதவீதம்.

ஒவ்வொரு படியும் விதிப்படி சரி. ஆனால் 1 / 21 எப்போது வரும் என்று யோசியுங்கள். மேலே எண்ணெய் 1 லிட்டர். கீழே 21 வர வேண்டுமென்றால் எண்ணெய் 2 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். ஒரே எண்ணெய் ஒரே நேரத்தில் 1 லிட்டராகவும் 2 லிட்டராகவும் இருக்காது.

திரும்ப அதே கேள்விதான், ஆனால் முழுக் கோவைக்கும் சேர்த்துக் கேளுங்கள். எண்ணெய் கூடினால் சதவீதம் கூடும். தண்ணீர் கூடினால் குறையும். கீழெல்லை: எண்ணெய் 1, தண்ணீர் 19, ஆக 1 / 20 = 5 சதவீதம். மேலெல்லை: எண்ணெய் 2, தண்ணீர் 18, ஆக 2 / 20 = 10 சதவீதம். இதுதான் உண்மையான வீச்சு.

முதல் விடை பொய்யில்லை, உண்மையான வீச்சு அதற்குள்ளேதான் இருக்கிறது. தேவைக்கு மேல் தளர்ந்த விடை, அவ்வளவுதான். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கும்போதும் இதே கதைதான். −2 முதல் 3 வரை உள்ள பிழையை வர்க்கமாக்க நான்கு மூலை போட்டால் −6 முதல் 9 வரும். வர்க்கம் எங்கேயாவது மைனஸாகுமா? சரியான வீச்சு 0 முதல் 9.

இதன் மறுபக்கமும் உண்டு, அதைத் தெரிந்துகொள்ள எனக்கே ஒரு பெட்டி பீஸ் வீணாக வேண்டியிருந்தது. மூன்றாம் படியின் ஸ்பேசர்களுக்கு வருவோம். மொத்தம் 19.92 முதல் 20.08, இரண்டாவது 7.97 முதல் 8.03. மொத்தத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் முதலாவது வர வேண்டும். கழித்துப் பாருங்கள்: 11.89 முதல் 12.11. ஆனால் முதலாவது 11.95 முதல் 12.05 என்று நமக்கு முன்பே தெரியும். இரண்டாவது ஸ்பேசர் மொத்தத்துக்குள்ளும் இருக்கிறது, வெளியேயும் கழிக்கப்படுகிறது. அதனால் ஊதிவிட்டது.

இப்போது டிராயிங் வேறு மாதிரி இருந்தால்? ஒரே ஷாஃப்டில் மொத்த நீளம் 20 ± 0.08, ஒரு படிக்கட்டு 8 ± 0.03 என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். மிச்சப் பகுதிக்கு அளவு போடவில்லை. லேத்தில் மொத்தத்தைத் தனியாக வெட்டுகிறோம், படிக்கட்டைத் தனியாக வெட்டுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று சாரவில்லை. இங்கே மிச்சப் பகுதி உண்மையாகவே 11.89 முதல் 12.11 வரை எங்கு வேண்டுமானாலும் வரும். நான் அதை 12 ± 0.05 என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பொருத்தும் இடத்தில் பாதிக்குப் பாதி உட்காரவில்லை.

எண்கள் ஒன்றுதான், விடைகள் இரண்டு. எந்த அளவுகள் தனித்தனியாக உண்டாக்கப்பட்டன, எது அவற்றிலிருந்து தானாக வந்தது என்பதைப் பொறுத்துத்தான் எந்த விடை சரி என்று சொல்ல முடியும். கணக்குக்கு முன்னால் அதைத் தாளில் குறித்துவிடுங்கள். தனியாக உண்டானவற்றை மட்டும் வைத்துக் கோவையை எழுதி, ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் வரும்படி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஏறுமா இறங்குமா என்று முழுக் கோவைக்கும் பாருங்கள்.

8. ரவுண்டு செய்வதும் ஷீட்டில் போடுவதும்

எல்லையை ரவுண்டு செய்யும்போது கிட்டத்தில் உள்ள எண்ணுக்குப் போகக் கூடாது. கீழெல்லையைக் கீழே தள்ளுங்கள், மேலெல்லையை மேலே தள்ளுங்கள். 177 / 13 = 13.615… என்பதை வழக்கம் போல 13.6 என்று எழுதினால், 13.61 வரலாம் என்று தெரிந்துகொண்டே வராது என்று எழுதுவதாகிவிடும். 13.7 என்று எழுதுங்கள். கீழெல்லை 9.823… என்பது 9.8. இடையில் ரவுண்டு செய்ய வேண்டாம், கடைசியில் ஒரு தரம் போதும். இடையில் செய்தே ஆக வேண்டுமென்றால் அங்கேயும் வெளிப்பக்கமாகத்தான்.

தினமும் செய்பவர்கள் எக்செல்லில் போட்டுக்கொள்ளலாம். முதல் அளவின் கீழ், மேல் எல்லைகள் B2, C2இல். இரண்டாவதன் எல்லைகள் B3, C3இல். பெருக்கலுக்கு:

```
=MIN(B2*B3, B2*C3, C2*B3, C2*C3)
=MAX(B2*B3, B2*C3, C2*B3, C2*C3)
```

வகுத்தலுக்கு முன்னால் பூஜ்யத்தைப் பார்க்கும் ஒரு காவல் வையுங்கள். இது கீழெல்லைக்கு, மேலெல்லைக்கு MIN இருக்கும் இடத்தில் MAX போடுங்கள்:

```
=IF(B3*C3<=0, "எல்லை இல்லை", MIN(B2/B3, B2/C3, C2/B3, C2/C3))
```

ரவுண்டு செய்ய `ROUNDDOWN` போடுகிறவர்கள் மைனஸ் எண்ணில் ஏமாறுவார்கள். அது பூஜ்யத்தை நோக்கி நகர்த்தும். −25.3 என்ற கீழெல்லை −25 ஆகி உள்ளே வந்துவிடும். மைனஸ் கீழெல்லைக்கு `ROUNDUP` போட வேண்டும், அப்போதுதான் −26 வரும்.

9. நான்கும் சேர்ந்த ஒரு கணக்கு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷிஃப்ட் முடிய 130 முதல் 140 நிமிடம் இருக்கிறது. 40 பீஸ் முடியுமா? வெட்டும் நீளமும் வேகமும் தொடக்கத்தில் சொன்னவைதான். பீஸைக் கழற்றி மாட்ட 0.5 முதல் 0.8 நிமிடம்.

வெட்டும் நேரம், வகுத்தல்: 2.375 முதல் 2.6315… வரை. இரண்டு தசமத்துக்கு வெளிப்பக்கமாக எழுதினால் 2.37 முதல் 2.64. மாட்டும் நேரத்தைக் கூட்டினால் ஒரு பீஸுக்கு 2.87 முதல் 3.44. 40ஆல் பெருக்கினால் 114.8 முதல் 137.6 நிமிடம். 40 என்பது எண்ணிப் பார்த்த எண், அதற்கு வீச்சு கிடையாது.

மிச்ச நேரம், கழித்தல்: கீழெல்லை 130 − 137.6 = −7.6. மேலெல்லை 140 − 114.8 = 25.2. மைனஸ் வந்திருக்கிறது, எனவே முடிந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. முடியாது என்றும் சொல்ல முடியாது. நாற்பது பீஸிலும் மாட்டும் நேரம் 0.8 ஆகவே இருப்பது அபூர்வம்தான், ஆனால் அதெல்லாம் எவ்வளவு வாய்ப்பு என்ற வேறு கணக்கு. எல்லை அதைக் கண்டுகொள்ளாது.

எந்த வீச்சைச் சுருக்கினால் பலன் கிடைக்கும் என்று பாருங்கள். வெட்டும் நேரத்தின் அகலம் 0.27, நாற்பது பீஸுக்கு 10.8 நிமிடம். மாட்டும் நேரத்தின் அகலம் 0.3, நாற்பதுக்கு 12 நிமிடம். சுற்று 380க்கு இறங்காமல் பிடிக்க பெல்ட்டைப் பார்க்க வேண்டும், இன்றைக்கு நடக்கிற காரியமில்லை. மாட்டும் வேலையை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் பீஸை அடுக்கி வைத்து 0.5 முதல் 0.6 நிமிடத்துக்குள் கொண்டுவந்தால், மேலெல்லை (2.64 + 0.6) × 40 = 129.6 ஆகிறது. மிச்ச நேரத்தின் கீழெல்லை 0.4 நிமிடம். அந்தப் பையனைப் பீஸ் எடுத்துக் கொடுக்க நிறுத்திவிட்டு, 40 பீஸ் வரும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.